காந்தியின் கிரிக்கெட்டும் மூன்று பவுண்டு வயலினும்

"ஐயா, மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். அக்டோபர் 2 விழாவுக்குப் பிள்ளைகள் எழுதிய சுவரொட்டியில் 'காந்தி அதிரடி கிரிக்கெட் ஆட்டக்காரர், தென்னாப்பிரிக்காவில் மூன்று கால்பந்துக் கழகங்கள் தொடங்கியவர், வயலின் வாசித்தவர்' என்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஒட்டலாமா, கிழித்துவிடலாமா?"

கிழிக்க வேண்டாம் தம்பி, திருத்தி ஒட்டலாம். மூன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றுகூட எழுதியிருக்கிற வடிவத்தில் நிற்காது.

முதலில் நம்மூர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதையே தராசாக வைத்துக்கொள்ளலாம். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். நான் படித்த பள்ளியில் "மதுரையில் அன்றைக்கே ஆயுள் முழுக்க என்று சபதம் எடுத்தார்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அறுபது வயதுக்கு மேல் தமுக்கத்துக்குப் பக்கத்து அருங்காட்சியக நூலகத்தில் உட்கார்ந்து அவருடைய எழுத்துத் தொகுதிகளைப் புரட்டியபோதுதான், செப்டம்பர் 22 தேதியிட்டு மதுரையிலிருந்தே அவர் கொடுத்த அறிக்கையைப் பார்த்தேன். தொப்பியையும் மேலாடையையும் குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் விட்டுவிடப் போகிறேன் என்றுதான் அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட நாற்பது நாள். அந்த நாற்பது நாள் பிறகு வாழ்நாளாக நீண்டது. நீண்ட பிறகு, சொல்கிறவர்கள் அதைத் தொடக்க நாளிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவர் தொடக்கத்தைச் சொன்னால் இப்படித்தான் ஆகும். அதனால் எந்தச் செய்தி வந்தாலும் நான் இரண்டைத்தான் பார்ப்பேன்: சம்பவத்துக்கும் அதை எழுதிய நாளுக்கும் நடுவே எத்தனை வருடம், எழுதியவர் அந்த இடத்தில் இருந்தாரா.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். மூன்றில் சாறு உள்ளது இதுதான்.

"அதிரடி" என்ற சொல் வானத்திலிருந்து விழவில்லை. ராஜ்கோட்டில் காந்தியோடு பள்ளியில் படித்த ரதிலால் கேலாபாய் மேத்தா என்பவர் 1958இல் ஒரு குஜராத்திப் பத்திரிகையாளரிடம் பேசியிருக்கிறார். காந்தி துடிப்பாக ஆடுவார், மட்டையும் நன்றாகப் பிடிப்பார், பந்தும் நன்றாக வீசுவார், நாங்கள் பல முறை சேர்ந்து ஆடியிருக்கிறோம் என்பது அவர் சாட்சியம். கூடவே ஒரு கதையும் சொன்னார்: ராஜ்கோட் நகர அணிக்கும் படைமுகாம் அணிக்கும் நடந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்ன ஆட்டக்காரர் இப்போது அவுட் ஆவார் என்று காந்தி சொல்ல, அவர் அப்படியே அவுட் ஆனார். இந்தப் பேட்டியைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எடுத்தாண்டார்கள். அவர்களிடமிருந்து பத்திரிகைத் துணுக்குக்குப் போய், துணுக்கிலிருந்து உங்கள் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கிறது.

நேரில் கண்டவர் சொன்னது என்பதால் தள்ளிவிட முடியாது. ஆனால் எடை போட வேண்டும். காந்தி ராஜ்கோட் பள்ளியை விட்டது 1887இல். பேட்டி 1958இல். நடுவே எழுபது ஆண்டு இருக்கிறது. அந்த எழுபது ஆண்டில் கூடப் படித்த மோகன்தாஸ் மகாத்மாவாகி, சுடப்பட்டு, ஊர்தோறும் சிலையாகவும் நின்றுவிட்டார். "அவனும் நானும் ஒன்றாக ஆடினோம்" என்று சொல்வதில் ஒரு முதியவருக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும்! அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "சொன்னார், அவுட் ஆனார்" கதையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அது கிரிக்கெட் நினைவு மாதிரியா இருக்கிறது? பெரியவர்களைப் பற்றி நம் ஊரில் சொல்வோமே, மழை வரும் என்றார், வந்தது என்று, அந்த வார்ப்பு அது. ஒரு சாட்சியத்தில் இப்படி ஒரு துண்டு கிடந்தால், மற்றத் துண்டுகளும் அதே காலத்தில் அதே ஈரத்தில் ஊறியவைதானே என்று கவனமாக இருப்பேன்.

எதிர்த்தரப்பில் காந்தியே நிற்கிறார். 'சத்திய சோதனை'யில் உயர்நிலைப் பள்ளி பற்றிய அத்தியாயத்தில், உடற்பயிற்சியோ கிரிக்கெட்டோ கால்பந்தோ கட்டாயமாக்கப்படும் முன்பு எதிலும் தான் கலந்துகொண்டதே இல்லை என்கிறார். கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் ஓடிப்போய், நோயில் கிடந்த அப்பாவுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். அப்போது நடந்ததாக அவர் சொல்லும் சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சனிக்கிழமை, காலைப் பள்ளி. மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சிக்குத் திரும்பி வர வேண்டும். அவரிடம் கடிகாரம் இல்லை, வானம் மேகமூட்டம், நேரம் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மறுமுறை ஆஜர்ப் பட்டியலைப் பார்த்த கிமி காரணம் கேட்டார், இவர் உள்ளதைச் சொன்னார், அவர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம். பணம் போனதற்காக அல்ல, பொய்யன் என்று ஆகிவிட்டதே என்று அழுதாராம். கடைசியில், பள்ளி முடிந்ததும் மகன் எனக்கு வீட்டில் வேண்டும் என்று அப்பாவே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுத, விலக்குக் கிடைத்தது.

இந்த வரிகளைத்தான் மறுப்பாகப் பலர் காட்டுவார்கள்: "காந்தி கிரிக்கெட்டே ஆடியதில்லை என்று அவரே எழுதிவிட்டார்." அவர் அப்படி எழுதவில்லை. "கட்டாயமாக்கப்படும் முன்பு" என்ற சிறு ஒட்டைப் பாருங்கள். முன்பு ஆடவில்லை என்றால், கட்டாயமான பிறகு விலக்குக் கிடைக்கும் வரைக்கும் கொஞ்சமாவது ஆடியிருக்க வேண்டும். சுருக்கி எழுதுகிறவர்கள் கைதவறி விடுவது எப்போதும் இந்த ஒட்டைத்தான். மேற்கோளை மூலத்தில் போய் முழு வாக்கியமாகப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

சுயசரிதையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அது 1925 கடைசியிலிருந்து 'நவஜீவன்' இதழில் வாரம் ஒன்றாக வந்த தொடர். பள்ளியை விட்டு நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. எழுபதைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். அதோடு தன் குறைகளைப் பொறுக்கி எடுத்து முன்னால் வைப்பது அந்தப் புத்தகத்தின் நோக்கமே. பெருமை பேசும் சாட்சிக்கு ஒரு பக்கம் சாய்வு என்றால், தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சாட்சிக்கு மறுபக்கம் சாய்வு. கிரிக்கெட்டில் கெட்டிக்காரனாக இருந்திருந்தாலும் அதை எழுதியிருப்பாரா என்று கேட்டால், மாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அதனால் நான் தேடியது, அவர் விளையாட்டைப் பற்றிப் பேச நினைக்காமல் போகிறபோக்கில் உதிர்த்ததை. அது அதே புத்தகத்தில் அடுத்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. புலால் உண்ணத் தூண்டிய நண்பனைப் பற்றிச் சொல்லுமிடம். பெயரை அவர் எழுதவில்லை, ஷேக் மேத்தாப் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். அந்த நண்பன் வெகுதூரம் வெகு வேகமாக ஓடுவான், உயரமும் நீளமும் தாண்டுவான், அதைப் பார்த்துத்தான் மயங்கினேன், எனக்கோ ஓடவும் வராது தாண்டவும் வராது என்கிறார். இங்கே அவர் நிறுவ வந்தது தன் ஆட்டத்திறமையை அல்ல, ஏன் இறைச்சி தின்றேன் என்பதை. வேறு வேலையாக வந்த சாட்சி வாயிலிருந்து தானாக விழுந்த வார்த்தைக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

இன்னொரு சாட்சி அக்கா ரலியாத். தம்பி சின்னப் பையனாக இருந்தபோது பாதரசம் மாதிரி ஒரு இடத்தில் நிற்கமாட்டான், ஒன்று விளையாட வேண்டும் இல்லை சுற்ற வேண்டும் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நாய்களின் காதைத் திருகுவது அவனுக்குப் பெரிய இன்பமாம்! இந்த விவரத்தை நம்பலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. மகாத்மாவுக்கு மெருகு போட நினைக்கிற எவரும் அகிம்சைக்காரர் நாய்க்காதைத் திருகினார் என்று புனைய மாட்டார்கள். ஆனால் அது போர்பந்தர்க் காலம், மழலைப் பருவம். ராஜ்கோட் மேல்வகுப்புக் கிரிக்கெட்டுக்கு அதைச் சாட்சியாக இழுக்கக் கூடாது.

கடிதங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். பள்ளிக் காலத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. நூறு தொகுதியாக அவர் எழுத்துகள் கால வரிசையில் வந்திருக்கின்றன. முதல் தொகுதியைத் திறந்தால், லண்டன் போவதற்கு முந்தையவை என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கும். ஆகவே "கடிதங்களில் கிரிக்கெட் இல்லை, எனவே ஆடவில்லை" என்று வாதாட முடியாது. கடிதமே இல்லாத காலத்தின் மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது. கடிதம் கொட்டிக்கிடக்கிற காலத்தின் மௌனத்துக்கு உண்டு. கால்பந்தில் அது உதவும்.

பின்னாளில் கிரிக்கெட் பற்றி அவர் எழுதியது 1940 டிசம்பரில். பம்பாயில் மத அடிப்படையில் அணி பிரித்து ஆடும் ஐம்முனைப் போட்டி நடக்கவிருந்தது; இந்து ஜிம்கானாவிலிருந்து வார்தாவுக்குப் போய் அவர் கருத்தைக் கேட்டார்கள். கல்லூரிகளும் நிறுவனங்களும் மோதிக்கொள்வது புரிகிறது, இந்து, பார்சி, முஸ்லிம் என்று அணி வைப்பது ஏன் என்று எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை சமூக ஒற்றுமை பற்றியது. மைதானத்தில் மட்டையோடு நின்ற பழைய நினைவு ஒன்றுகூட அதில் எட்டிப்பார்க்கவில்லை. ஆசையாக ஆடிய ஒருவர் அந்த இடத்தில் ஒரு வரி சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். டக்ளஸ் ஜார்டின் தலைமையில் 1933–34இல் இங்கிலாந்து எம்.சி.சி. அணி இந்தியா வந்தது. இந்திய ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சன்டின் சகோதரி லட்சுமி அந்த அணியினரிடம் கையெழுத்து வாங்கிவைத்திருந்த பக்கத்தில், பதினாறு பேருக்குக் கீழே பதினேழாவதாகக் காந்தியின் கையெழுத்து இருக்கிறது. அசல் கையெழுத்து, அசல் பக்கம், சந்தேகமே இல்லை. அவர் கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டினார்கள், இவர் புரட்டிப் பார்த்து அங்கே போட்டார். நூறு வருடம் கழித்து அந்தப் பக்கம் மட்டும் கிடைத்தால், "பதினேழாவது ஆட்டக்காரர்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். ஆவணம் அசலாக இருப்பது வேறு, அது நாம் நினைப்பதைச் சொல்வது வேறு.

கிரிக்கெட்டில் என் தீர்ப்பு இது: பள்ளியில் கட்டாயத்துக்குக் கொஞ்சம் ஆடினார், தெருவிலோ திடலிலோ நண்பர்களோடும் ஆடியிருக்கலாம், அதற்கு ஒரு பள்ளித்தோழரின் பிற்கால வாய்மொழி இருக்கிறது. "அதிரடி"யை எடுத்துவிடுங்கள்.

கால்பந்து சீக்கிரம் முடிந்துவிடும். இதற்கு நாள்காட்டி ஒன்றே போதும். இணையத்தில் வரும் செய்தியில் இரண்டு வேறு சங்கதிகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, 1896இல் தொடங்கிய டிரான்ஸ்வால் இந்தியர் கால்பந்துச் சங்கம். இரண்டாவது, டர்பன், பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க் நகரங்களில் "பாசிவ் ரெசிஸ்டர்ஸ்", அதாவது சாத்விக எதிர்ப்பாளர்கள், என்ற பெயரில் இருந்ததாகச் சொல்லப்படும் அணிகள். 1896இல் காந்தி எங்கே இருந்தார் என்று பாருங்கள். அப்போது அவர் வாழ்ந்தது நேட்டாலில், டர்பனில்; டிரான்ஸ்வால் வேறு அரசு. அந்த ஆண்டு ஜூனில் கப்பலேறி இந்தியா வந்து, நம் சென்னை உட்படப் பல ஊரில் பேசிவிட்டு, ஆண்டுக் கடைசியில்தான் குடும்பத்தோடு திரும்பினார். 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கியபோது கூட்டம் அடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகம் போட்டது 1903இல். அப்படியிருக்க, 1896இல் டிரான்ஸ்வாலில் சங்கம் தொடங்கினார் என்பதற்கு அன்றைய தாள் ஒன்றைக் காட்டாமல் ஏற்க முடியாது.

"பாசிவ் ரெசிஸ்டர்ஸ்" பெயருக்கும் ஒரு காலம் உண்டு. அந்த இயக்கம் 1906 செப்டம்பருக்குப் பிறகுதான் எழுந்தது. அந்த ஆங்கிலப் பெயர் பிடிக்காமல், 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் பரிசு அறிவித்து மாற்றுச் சொல் தேடி, காந்தி 'சத்தியாக்கிரகம்' என்ற பெயருக்கு வந்தார். 1914இல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆகவே அந்தப் பெயரில் அவரோடு தொடர்புள்ள அணி இருந்ததென்றால் அந்த ஏழெட்டு ஆண்டுக்குள்தான். அணியினரோடு அவர் நிற்கும் தென்னாப்பிரிக்கப் படம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. அணி இருந்தது, அவர் வந்தார், ஆதரித்தார் என்பதற்குப் படம் சாட்சி. தொடங்கினார் என்பதற்கும் ஆடினார் என்பதற்கும் அது சாட்சியாகாது. நம் ஊரில் கபடிப் போட்டியைத் தொடங்கிவைக்க வரும் எம்.எல்.ஏ.யும் அணியோடு படம் எடுத்துக்கொள்கிறார்.

இங்கேதான் மௌனம் கணக்கில் வரும். தென்னாப்பிரிக்க ஆண்டுகளுக்குக் கடிதம், பத்திரிகை, பிறகு அவரே எழுதிய போராட்ட வரலாறு என்று எழுத்து மலையாகக் குவிந்திருக்கிறது. அங்கே அவர் நடத்திய டால்ஸ்டாய் பண்ணைப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எப்படி நடந்தது என்று சுயசரிதையில் விலாவாரியாகவே சொல்கிறார். குழி தோண்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது, இதற்குமேல் தனிப் பயிற்சியோ விளையாட்டோ தேவைப்படவில்லை என்கிற தோரணையில். மூன்று நகரத்தில் கால்பந்துக் கழகம் நிறுவிய ஒருவர் அந்த இடத்தில் பந்தை மறந்திருப்பாரா?

அடுத்தது வயலின். இதைச் சொன்னவர் காந்தியே, அதனால் விவாதமே இல்லை. ஆனால் "வாசித்தவர்" என்பதுதான் தவறு. 1888இல் லண்டன் போன புதிதில் ஆங்கிலக் கனவானாக மாற ஆசைப்பட்டார். பாண்ட் வீதியில் பத்துப் பவுண்டுக்கு மாலையுடை, பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. நடன வகுப்புக்கு மூன்று பவுண்டு கட்டி மூன்று வாரத்தில் ஆறு பாடம் போனார். பியானோ எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை, கால் தாளத்துக்கு வரவில்லை. மேல்நாட்டு இசைக்குக் காது பழகினால் கால் பழகும் என்று நினைத்து, மூன்று பவுண்டுக்கு ஒரு வயலின் வாங்கி, ஒரு ஆசிரியையிடம் சேர்ந்தார். எலிக்குப் பூனை, பூனைக்குப் பாலுக்குப் பசு என்று வளர்ந்த சாமியார் கதையை அவரே தனக்குப் பொருத்திச் சிரிக்கிறார். மொத்தமும் மூன்று மாதம். பேச்சுப் பயிற்சி ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் நின்றுகொள்கிறேன் என்று கடிதம் போட்டார். வயலின் ஆசிரியையிடம் மட்டும் நேரில் போய், கிடைத்த விலைக்கு இதை விற்றுக்கொடுங்கள் என்றார்.

இதற்கு வெளிச்சாட்சி ஒன்று அகப்படுகிறது, அதைக் கையாளும் முறையும் தெரிந்துகொள்ளத் தக்கது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையின் தற்காலிகத் தலைவராக இருந்த சச்சிதானந்த சின்ஹா, 1890 பிப்ரவரியில் லண்டன் பிக்காடில்லியில் காந்தியைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்: பட்டுத் தொப்பி, கஞ்சி போட்ட காலர், வானவில் மாதிரி ஒரு டை, கையுறை, வெள்ளிப்பூண் தடி. மூன்று மாத மோகம்தான் என்று காந்தி சொல்கிறாரே, ஒன்றரை வருடம் கழித்தும் இப்படி நிற்கிறாரே, யார் சொல்வது பொய்? இரண்டுமே பொய்யில்லை. நடனம், வயலின், பேச்சுப் பயிற்சி மோகம்தான் மூன்று மாதத்தில் போனது. உடையில் இருந்த கவனம் பல ஆண்டு நீடித்தது என்று காந்தி அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். சின்ஹா கண்டது உடையை. அவர் வயலினைக் காணவும் இல்லை, காணவில்லை என்று சொல்லவும் இல்லை. ஒரு சாட்சி எதைப் பார்த்தாரோ அதற்கு மட்டும்தான் சாட்சி.

அந்த மாதங்களின் நாட்குறிப்பு இருந்தால் இன்னும் கெட்டியாகப் பேசலாம். லண்டனில் அவர் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார், சுமார் 120 பக்கம். 1909இல் உறவினர் சகன்லால் காந்தியிடம் கொடுத்தார். அசல் இப்போது இல்லை, சகன்லால் பெயர்த்தெழுதிய இருபது பக்கம் அளவே மிஞ்சியது. அதில் இருப்பது புறப்பாடும் கப்பல் பயணமும் லண்டன் சேர்ந்த கதையும். வயலின் பக்கங்கள் போனவை போனவைதான். ஆகவே இங்கே நமக்கு இருப்பது ஒரே சாட்சி, அவரே. ஆனால் மூன்று பவுண்டு, ஆறு பாடம், மூன்று வாரம் என்று கணக்கு வழக்கோடு, தன்னையே கேலி செய்து சொல்கிற சாட்சி. செலவுக் கணக்கை அணா பைசாவாக எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். நான் நம்புகிறேன்.

சுவரொட்டியில் விளையாட்டுப் பிரிவு காலியாகிவிடுமே என்று பிள்ளைகள் முகம் வாடும். அவர்களுக்கு நான் கொடுப்பது நடை. எல்லாச் சாட்சியும் ஒத்துப்போகிற ஒரே பயிற்சி அது. உடற்பயிற்சி வகுப்பைத் தவிர்த்த அதே அத்தியாயத்தில், திறந்தவெளி நடையின் நன்மையைப் புத்தகத்தில் படித்து நடக்கப் பழகினேன், அதனால் உடம்பு ஓரளவு உரமேறியது என்கிறார். லண்டனில் நாளுக்கு எட்டுப் பத்து மைல். தெற்குமாசி வீதியிலிருந்து திருப்பரங்குன்றம் போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 21 மைல். சொந்த வேலையாகப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும் என்பது பண்ணை விதி. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஆறேழு மணி நேரம். மிக வேகமாகப் போனவர் 4 மணி 18 நிமிடத்தில் சேர்ந்தார் என்று காந்தி குறித்திருக்கிறார். மதுரையிலிருந்து மேலூரைத் தாண்டிவிடும் தூரம், மணிக்கு எட்டுக் கிலோமீட்டர், பாதி ஓட்டம். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு: அந்த 4 மணி 18 நிமிடம் காந்தியின் சாதனை என்று சிலர் எழுதுகிறார்கள். பண்ணையில் இருந்தவர்களின் மிகச் சிறந்த நேரம் அது என்றுதான் அவர் சொல்கிறார். யாருடையது என்று சொல்லவில்லை.

பிறகு 1930 தண்டி, அறுபது வயதில் 24 நாளில் 241 மைல். கூடவே பத்திரிகையாளர்கள், காமிரா, ஊர் ஊராகத் தேதி. 1946–47 குளிரில் நவகாளியில் வெறுங்காலோடு நடந்ததை உடனிருந்த நிர்மல்குமார் போஸ் பதிந்திருக்கிறார். வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு காலத்தில், ஒருவரையொருவர் பார்த்து எழுதாதவர்கள் சொல்வது இது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், தொகுதிகளை இணையத்தில் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 98ஆம் தொகுதி பொருளடைவு, 99 ஆள்பெயர் அடைவு, அங்கிருந்து தொடங்குங்கள். எச்சரிக்கை ஒன்று: பின்னால் திருத்திய பதிப்பு ஒன்றும் வந்தது, அதில் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மாறிவிட்டன, சில பதிவுகள் விடுபட்டன என்று ஆய்வாளர்கள் சண்டையே போட்டார்கள். அதனால் எண்ணை மட்டும் நம்பித் தேடாமல், கடிதத்தின் தேதியை வைத்துத் தேடுங்கள். நானே ஒரு மத்தியானம் முழுக்கத் தவறான தொகுதியில் துழாவியிருக்கிறேன்.

சுவரொட்டிக்கு வாசகம் கேட்டால் இப்படி எழுதச் சொல்வேன்: "பள்ளியில் கட்டாயத்துக்குக் கிரிக்கெட் ஆடினார். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகிகளின் கால்பந்து அணியோடு படம் எடுத்துக்கொண்டார். லண்டனில் மூன்று பவுண்டுக்கு வயலின் வாங்கி மூன்றே மாதத்தில் விற்கக் கொடுத்தார். ஆயுள் முழுக்க நடந்தார்." ஓவியம் வரையும் பிள்ளைக்கு அந்த வயலினை வரையக் கொடுங்கள், பக்கத்தில் விலைச்சீட்டோடு.